கெடு, ஸ்டேக்ஹோல்டர், ரிஸ்க்: புராஜெக்ட் மேனேஜரை எதை வைத்து மதிப்பிடுவது?

மார்ச் பிறந்ததும் ஐ.டி. சேவை நிறுவனங்களில் டெலிவரி ஹெட்களின் மேசைக்கு அப்ரைசல் படிவங்கள் வந்து சேரும். டெவலப்பரை மதிப்பிட அவர் எழுதிய கோடு இருக்கிறது. டெஸ்டரை மதிப்பிட அவர் பிடித்த பிழைகள் இருக்கின்றன. புராஜெக்ட் மேனேஜர் விஷயத்தில் அப்படிக் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் கிடைக்காது. அவருடைய வேலை மற்றவர்களின் வேலைக்குள் கரைந்து கிடக்கும். படிவமோ மூன்று கேள்வி கேட்கும்: கெடுவுக்குள் முடித்தாரா, ஸ்டேக்ஹோல்டர்களை எப்படிக் கையாண்டார், ரிஸ்க்குகளை முன்கூட்டியே சொன்னாரா. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டாக வேண்டும்.

அந்த மதிப்பெண்ணுக்கு ஆதாரம் தேட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. முதல் வழி, எண்கள்: குறித்த தேதிக்கும் முடிந்த தேதிக்கும் உள்ள இடைவெளி, வேலை திட்டப்படி நகர்கிறதா என்று காட்டும் எஸ்.பி.ஐ. போன்ற குறியீடுகள். இரண்டாவது, கருத்துக் கேட்பது: வாடிக்கையாளர், பக்கத்துக் குழுக்கள், சொந்தக் குழு எல்லோரிடமும் மதிப்பெண் வாங்கிச் சராசரி எடுப்பது. மூன்றாவது, பதிவுகளைப் பின்னோக்கிப் படிப்பது: ரிஸ்க் ரெஜிஸ்டர், வாராந்திர ஸ்டேட்டஸ் அறிக்கை, கூட்டக் குறிப்புகள், முக்கியமான மெயில்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் ஓடும் புராஜெக்ட் என்றால் மூன்றாவது வழியைத்தான் முதன்மையாக வைக்க வேண்டும். இரண்டாவது அதைச் சரிபார்க்க. முதலாவது, எங்கே கவனமாகப் பார்க்க வேண்டும் என்று காட்ட மட்டும். பெரும்பாலான இடங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. அதனால் நல்ல மேனேஜர்கள் இரண்டு வருடத்தில் ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்: ரிஸ்க்கை வெளியே சொல்வதை விட, தேதி வரும்வரை சும்மா இருப்பது பத்திரம் என்று. இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒரே ஆட்களை மூன்று வழியிலும் நிறுத்திப் பார்ப்போம். உதாரணத்துக்காக இரண்டு புராஜெக்ட்களை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் மார்ச் 1 அன்று தொடங்கியவை, இரண்டுக்கும் கெடு செப்டம்பர் 30.

முதலாமவர் நடத்தியது ஒரு விநியோக நிறுவனத்தின் கிடங்குக்கான இருப்பு மென்பொருள். செப்டம்பர் 30 அன்றே கோ-லைவ் ஆனது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்த 11 அறிக்கைகளில் 7 மட்டுமே தயாராக இருந்தன; மீதி நான்கும் "இரண்டாம் கட்டம்" என்ற பெயரில் தள்ளிவைக்கப்பட்டன. கணக்குப் பிரிவு மாதக் கடைசியில் நம்பியிருந்த இருப்பு மதிப்பு அறிக்கை அந்த நான்கில் ஒன்று.

இரண்டாமவர் நடத்தியது ஒரு கடன் நிறுவனத்தின் விண்ணப்பப் பரிசீலனை மென்பொருள். டெஸ்ட் சர்வரை வாடிக்கையாளர் ஜூலை 15-க்குள் தருவதாக ஏற்பாடு. வந்தது ஆகஸ்ட் 12 அன்று, நான்கு வாரம் தாமதம். அன்றே இரண்டாமவர் கோ-லைவை அக்டோபர் 28-க்கு மாற்றி அறிவித்தார். பழைய தரவை மாற்றும் வேலை எதிர்பார்த்ததை விட இழுத்ததால் உண்மையில் முடிந்தது நவம்பர் 4. ஆக மொத்தம் ஐந்து வாரத் தாமதம். ஒப்பந்தத்தில் இருந்த எல்லாமே கையளிக்கப்பட்டன.

எண்கள் என்ன சொல்லும்

முதலாமவர் தாமதம் பூஜ்ஜியம். இரண்டாமவர் 35 நாள், அதாவது ஏழு மாதத் திட்டத்தில் சுமார் 16 சதவீதம். முதலாமவருக்கு ஐந்து, இரண்டாமவருக்கு இரண்டு என்று படிவம் நிரம்பிவிடும். எச்.ஆர். கேள்வி கேட்காது, மேலதிகாரிக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த வழியின் கவர்ச்சியே அதுதான்: சீக்கிரம் முடியும், யாரும் பாரபட்சம் என்று சொல்ல முடியாது.

சிக்கல் எங்கே என்றால், தேதியைக் காப்பாற்ற எதை விட்டுக்கொடுத்தார் என்பதை இந்த எண் பார்ப்பதில்லை. கெடு என்பது தனியாக நிற்கும் ஒன்று கிடையாது. வேலையின் அளவு, தரம், செலவு இவற்றோடு சேர்த்துக் கட்டப்பட்டது. வேலையைக் குறைத்தால் எந்தத் தேதியையும் பிடித்துவிடலாம். அதனால் "தேதிக்குள் முடிந்தது" என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி "என்ன முடிந்தது?" என்பதாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் கையெழுத்தான பணிப் பட்டியலையும் கடைசியில் கையளித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். பல அப்ரைசல்களில் அந்த அரை மணி நேரம் செலவழிக்கப்படுவதே இல்லை.

எஸ்.பி.ஐ.யை வைத்தால் இதை விடத் துல்லியமாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது, இதுவரை முடிந்திருக்கும் வேலையின் மதிப்பை இதுவரை முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பால் வகுத்து வருவது. ஒன்று என்றால் திட்டப்படி, ஒன்றுக்குக் கீழே என்றால் பின்தங்கல். புராஜெக்ட் நடந்துகொண்டிருக்கும்போது இது உதவும். ஆனால் வருடக் கடைசியில், முடிந்துபோன புராஜெக்ட்டுக்கு இதைப் போட்டால் ஏமாந்துவிடுவோம். ஒரு கோடி ரூபாய் வேலை பத்து மாதத்தில் முடிய வேண்டும் என்று வையுங்கள். பத்தாவது மாதம் 80 லட்சத்துக்கான வேலைதான் முடிந்திருக்கிறது என்றால் எஸ்.பி.ஐ. 0.8. பன்னிரண்டாவது மாதம் எல்லாம் முடிந்ததும் மேலே ஒரு கோடி, கீழே ஒரு கோடி, எஸ்.பி.ஐ. சரியாக 1. இரண்டு மாதத் தாமதம் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டது. எவ்வளவு தாமதமானாலும் கடைசியில் இது ஒன்றில்தான் வந்து நிற்கும். இந்தக் குறையைச் சரிசெய்யவே வால்ட் லிப்கி 2003-ல் வேலையின் மதிப்புக்குப் பதிலாகக் காலத்தைக் கொண்டு அளக்கும் முறையை முன்வைத்தார். உங்கள் நிறுவனத்து டாஷ்போர்டில் எது ஓடுகிறது என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, ரீ-பேஸ்லைன். மாற்றக் கோரிக்கை ஒன்றை அங்கீகரித்ததும் கெடு தேதி புதிதாகப் பதிவாகும்; அதன் பிறகு தாமதம் புதுத் தேதியிலிருந்துதான் கணக்காகும். இதில் தவறு ஒன்றும் இல்லை, வாடிக்கையாளர் வேலையைக் கூட்டினால் தேதியும் நகரத்தான் வேண்டும். ஆனால் தாமதமான பிறகு, அதை மூடிவிடும் தேதியில் ஒரு மாற்றக் கோரிக்கை வந்திருக்கிறதா என்று பாருங்கள். கோரிக்கையை யார் தொடங்கினார்கள், அது எந்த வாரம் வந்தது என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

எண்களை மட்டும் நம்பலாம் என்று சொல்லக்கூடிய இடமும் உண்டு. ஒரே மாதிரியான, ஆறு வாரத்துக்குள் முடியும் வேலைகளை வருடத்துக்கு இருபது முறை நடத்தும் மேனேஜர் இருப்பார்: கடைகளில் பில்லிங் மென்பொருள் நிறுவுவது, கிளைகளுக்கு நெட்வொர்க் மாற்றுவது போல. வேலையின் அளவு மாறாது, தெரியாத அம்சம் அதிகம் கிடையாது, இருபது முறை நடந்ததால் ஒரு மோசமான வாரம் மொத்தத்தையும் கெடுக்காது. அங்கே குறித்த தேதிக்குள் முடிந்த சதவீதம் நியாயமான அளவுகோல்தான். வருடத்துக்கு ஒரு பெரிய புராஜெக்ட் நடத்துபவருக்கு அதே அளவுகோலை வைத்தால், ஒரே ஒரு சம்பவத்தை வைத்து மனிதரை எடை போடுகிறோம் என்று அர்த்தம்.

கருத்துக் கேட்டால்

ஸ்டேக்ஹோல்டர்களைக் கையாள்வதை அவர்களிடமே கேட்பதுதான் நேர்மை. இதில் சந்தேகம் இல்லை. ஆனால் யாரிடம், எப்போது, என்ன கேள்வி கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் உதாரணத்தில் இருவருக்கும் நான்கு பேரிடம் ஐந்துக்கு எத்தனை என்று கேட்டோம் என்று வையுங்கள். முதலாமவருக்கு ஸ்பான்ஸர் 5, கணக்குப் பிரிவு 2, இன்ஃப்ரா குழு 3, ஒப்பந்தப் பிரிவு 4. இரண்டாமவருக்கு ஸ்பான்ஸர் 3, கிளை நிர்வாகம் 4, இன்ஃப்ரா குழு 4, ஒப்பந்தப் பிரிவு 3. இரண்டு பேருக்கும் சராசரி 3.5. படிவத்தில் இருவரும் ஒன்றுதான். உண்மையில் நடந்தது வேறு: முதலாமவர் பணம் கொடுப்பவரை நன்றாகக் கவனித்துக்கொண்டார், மென்பொருளைத் தினமும் பயன்படுத்துபவரைக் கவனிக்கவில்லை. இரண்டாமவர் யாரையும் முழுக்கச் சந்தோஷப்படுத்தவில்லை, யாரையும் இருட்டில் விடவும் இல்லை. சராசரி எடுத்த நொடியில் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது. ஆகவே மதிப்பெண் வாங்கினாலும் சராசரி எடுக்காதீர்கள். மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதை மேனேஜரே முடிவு செய்யும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. "உங்களுக்குக் கருத்துச் சொல்ல ஐந்து பேரைப் பரிந்துரையுங்கள்" என்று போர்ட்டல் கேட்கும். அவரும் தன்னோடு நல்லுறவில் இருக்கும் ஐந்து பேரைப் போடுவார். அது மனித இயல்பு, அவரைக் குறை சொல்ல முடியாது. டெலிவரி ஹெட் தன் பங்குக்கு இரண்டு பெயர்களைச் சேர்க்க வேண்டும்: அந்த மென்பொருளை அன்றாடம் பயன்படுத்துபவர் ஒருவர், அந்த மேனேஜரிடம் "முடியாது" என்று ஒருமுறையாவது பதில் கேட்டவர் ஒருவர். இரண்டாவது ஆள் முக்கியம். எல்லாவற்றுக்கும் "சரி சார், பண்ணிடலாம்" என்று சொல்லும் மேனேஜருக்கு வாடிக்கையாளரிடம் எப்போதும் நல்ல மதிப்பெண் வரும். அந்தச் "சரி"களின் விலையை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரும் அவருடைய குழு கொடுத்துக்கொண்டிருக்கும். மறுத்த பிறகும் மதிப்பைக் காப்பாற்றிக்கொண்டாரா என்பதில்தான் கையாளும் திறன் தெரியும்.

கேள்வியையும் மாற்ற வேண்டும். "அவர் தகவல் தொடர்பு எப்படி?" என்று கேட்டால் "நல்லா பண்றார்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு கேள்வி: அவர் உங்களிடம் கடைசியாகச் சொன்ன கெட்ட செய்தி என்ன, அதை நீங்கள் முதலில் கேள்விப்பட்டது அவரிடமிருந்தா, வேறு யாரிடமிருந்தாவதா?

முதலாமவர் பற்றிக் கணக்குப் பிரிவுக்காரர் இப்படிச் சொல்வார்: "செப்டம்பர் கடைசியில் டிரெயினிங் நடந்தபோதுதான் அந்த அறிக்கை இல்லை என்றே தெரிந்தது. டிரெயினர்தான் சொன்னார். அக்டோபர் மாதக் கணக்கை எக்செல்லில் போட்டு முடித்தோம்." இரண்டாமவர் பற்றிக் கிளை நிர்வாகி சொல்வது: "ஆகஸ்ட் இரண்டாம் வாரமே அவரே போன் போட்டுப் புதுத் தேதியைச் சொல்லிவிட்டார். கிளைப் பயிற்சியை அக்டோபர் கடைசிக்கு மாற்றினோம். அப்புறம் இன்னொரு வாரம் தள்ளினார் பாருங்கள், அதுதான் சங்கடமாகிவிட்டது, பயிற்சிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்." இந்த இரண்டு பதிலிலும் மதிப்பெண்ணே இல்லை. ஆனால் மதிப்பெண் போடத் தேவையான எல்லாம் இருக்கிறது.

இந்த வழியின் உண்மையான பலவீனம் நினைவு. மார்ச்சில் கேட்டால் ஜனவரி, பிப்ரவரிதான் நினைவில் இருக்கும். ஜூன் மாதம் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் கடைசியில் கோ-லைவ் நன்றாகப் போனதா என்பதை வைத்துத்தான் எல்லோரும் திரும்ப நினைத்துப் பார்ப்போம். அதனால் முடிவு தெரிவதற்கு முன்பே எழுதப்பட்ட ஒன்று கையில் வேண்டும்.

பதிவுகளைப் பின்னோக்கிப் படித்தால்

இதற்குத்தான் மூன்றாவது வழி. செய்முறை எளிது. புராஜெக்ட்டில் உண்மையாகவே வந்து அடித்த சிக்கல்களில் பெரியவை மூன்று நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்: இது வரக்கூடும் என்று முதன்முதலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, யார் எழுதினார்கள், என்ன முடிவு கேட்கப்பட்டது, முடிவு வந்ததா. ரிஸ்க் ரெஜிஸ்டரை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள், அதில் எழுதியவர் காட்ட விரும்பியதுதான் தெரியும். நடந்த சிக்கலிலிருந்து தொடங்கினால் அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பது தெரியும்.

இரண்டாமவர் ஜூன் 10 அன்று எழுதிய வரி இது:

"டெஸ்ட் சர்வர் ஜூலை 15-க்குள் கிடைக்காமல் போக வாய்ப்பு பாதிக்குப் பாதி. பர்ச்சேஸ் ஆர்டர் இன்னும் போகவில்லை. போனபின் சர்வர் வர ஐந்து வாரம் ஆகும். தள்ளும் ஒவ்வொரு வாரத்துக்கும் கோ-லைவ் ஒரு வாரம் தள்ளும். ஜூலை 1-க்குள் முடிவு தேவை: இரண்டு மாதத்துக்கு கிளவுடில் வாடகைக்கு எடுப்பதா, கோ-லைவ் தேதியை மாற்றுவதா. முடிவெடுக்க வேண்டியவர்: ஸ்பான்ஸர்."

முதலாமவரின் ரெஜிஸ்டரில் இருந்தது இப்படி: "ஆள் பற்றாக்குறை ஏற்படலாம். பாதிப்பு நடுத்தரம். தொடர்ந்து கண்காணிக்கப்படும்." மொத்தம் ஒன்பது வரிகள், எல்லாம் மார்ச் முதல் வாரத்தில் எழுதியவை, அதன் பிறகு ஒன்றும் மாறவில்லை.

இரண்டாமவர் எழுதியதில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஏன் நடக்கக்கூடும் என்பதற்கு நேரில் கண்ட காரணம் இருக்கிறது: ஆர்டர் போகவில்லை. எவ்வளவு பாதிக்கும் என்று கணக்கு இருக்கிறது. எந்தத் தேதிக்குள் முடிவெடுத்தால் பயன் என்று இருக்கிறது. யார் முடிவெடுக்க வேண்டும் என்று ஒரு ஆளைச் சுட்டியிருக்கிறது. முதலாமவர் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அதை எந்த புராஜெக்ட்டிலும் ஒட்டலாம். ரிஸ்க் சொல்வது என்றால் ஒருவரிடம் ஒரு முடிவைக் கேட்பது. முடிவு கேட்காத வரியை ரிஸ்க்காக எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இரண்டாமவரின் ஸ்பான்ஸர் ஜூலை 1-க்குள் எந்த முடிவும் எடுக்கவில்லை. "காத்திருப்போம்" என்று கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஆர்டர் போனது ஜூலை 8 அன்று. ஐந்து வாரம் கூட்டினால் ஆகஸ்ட் 12, சொன்னது போலவே. அந்த நான்கு வாரத் தாமதத்தை இவர் கணக்கில் ஏற்றுவது அநியாயம்.

முதலாமவரிடம் அறிக்கைகள் பின்தங்கிய கதையைப் பின்னோக்கிப் பார்த்தால் ஜூலை 14 தேதியிட்ட ஒரு மெயில் கிடைக்கிறது. "அறிக்கை வேலை மூன்று வாரம் பின்தங்கியிருக்கிறது" என்று குழுவின் டெக் லீட் அவருக்கு எழுதியது. ஸ்பான்ஸரிடம் அவர் அதைப் பேசியது ஆகஸ்ட் 20 அன்று. இடையில் ஐந்து வாரத்துக்கு மேல் ஸ்டேட்டஸ் அறிக்கையில் எல்லாம் பச்சை. துறையில் இதைத் தர்பூசணி ஸ்டேட்டஸ் என்பார்கள்: வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. ஜூலை 14 அன்று சொல்லியிருந்தால் அறிக்கை எழுதத் தெரிந்த ஒருவரைக் கூடுதலாகக் கேட்டிருக்கலாம். அல்லது கணக்குப் பிரிவைக் கூப்பிட்டு, 11-ல் எந்த ஏழு முதலில் வேண்டும் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆகஸ்ட் 20 அன்று வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் கூட்டத்தில் கணக்குப் பிரிவு ஆளும் இல்லை.

"முன்கூட்டியே" என்பதை நாள் கணக்கில் அளக்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். சொன்ன அன்று கையில் எத்தனை மாற்று வழிகள் மிச்சம் இருந்தன என்று பாருங்கள். பெர்லினில் புதிய விமான நிலையத்தை 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்தது; திறக்க முடியாது என்று மே 8 அன்றுதான் அறிவித்தார்கள். தீத்தடுப்பு, புகை வெளியேற்றும் அமைப்புகளில் பிரச்சினை. நான்கு வாரம் கூட இல்லாத நிலையில் விமான நிறுவனங்கள் தங்கள் கோடைக்கால அட்டவணையைப் பழைய நிலையங்களுக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. நிலையம் கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று. அவ்வளவு பெரிய கட்டடத்தில் அந்தப் பிரச்சினை மே மாதம் ஒரே வாரத்தில் முளைத்திருக்க முடியாது.

பதிவுகளைப் படிப்பதில் இன்னொரு லாபம், எண்களும் கருத்தும் காட்டாத நுணுக்கத்தைக் காட்டும். இரண்டாமவரை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் தாமதத்தை ஜூன் மாதமே பார்த்துவிட்டார். ஆனால் தரவு மாற்றும் வேலை இழுப்பதை அவர் ஸ்டேட்டஸ் அறிக்கையில் எழுதியது அக்டோபர் 21 அன்று, கோ-லைவுக்கு ஒரு வாரம் முன்பு. முதலாவது வாடிக்கையாளரின் தவறு, இரண்டாவது தன் குழுவின் மதிப்பீட்டுப் பிழை. அடுத்தவரால் வரும் ஆபத்தை எழுதுவது எளிது. தன் வீட்டில் நடப்பதை எழுதத்தான் மனம் தயங்கும். அனுபவசாலிகளிடமும் இந்தச் சாய்வு இருக்கும். ரெஜிஸ்டரில் உள்ள வரிகளை "அவர்களால் வருவது", "நம்மால் வருவது" என்று பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நிறைந்திருந்தால் அதுவே அப்ரைசலில் பேச வேண்டிய விஷயம்.

சரி, இந்த வழியை ஏமாற்ற முடியாதா? முடியும். அப்ரைசல் வரும் என்று தெரிந்ததும் பிப்ரவரியில் ரெஜிஸ்டரை நிரப்புவார்கள். ஜிராவில் வைத்திருந்தால் `Created` தேதியும், எக்செல்லில் வைத்திருந்தால் கோப்பின் பழைய பதிப்புகளும் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வகை, தற்காப்புக்காக எண்பது வரி எழுதிவைப்பது. எது நடந்தாலும் "அன்றே எழுதினேனே" என்று காட்டலாம். அதில் எத்தனை வரிக்கு முடிவெடுப்பவர் பெயரும் தேதியும் இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் கைவிரல்களில் அடங்கிவிடும். சொன்ன ரிஸ்க் நடக்காமல் போனால் அதைப் பொய் எச்சரிக்கை என்று குறைத்துவிடக் கூடாது. பாதிக்குப் பாதி என்று எழுதியவை எல்லாமே நடந்தாலோ, எதுவுமே நடக்காவிட்டாலோதான் அவர் மதிப்பீட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

நேரச் செலவும் உண்டு. ஒரு புராஜெக்ட்டுக்கு அரை நாளாவது உட்கார்ந்து படிக்க வேண்டும். எட்டு மேனேஜர்கள் இருந்தால் நான்கு நாள். மார்ச் மாதத்தில் அது சிரமம். அதனால்தான் செப்டம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை என்று பிரித்துக்கொள்ளச் சொல்வேன். பாதி வருடத்தில் படித்ததைப் பற்றி அப்போதே மேனேஜரிடம் பேசவும் முடியும்.

இதை விடக் கடினமான தடை ஒன்று இருக்கிறது. பதிவுகளில் ரிஸ்க் இல்லாததற்குக் காரணம் மேனேஜராக இல்லாமல் நீங்களாக இருக்கலாம். "இதை மெயிலில் போடாதீங்க, கால்ல பேசிக்கலாம்" என்று ஒரு டெலிவரி ஹெட் இரண்டு முறை சொல்லிவிட்டால், அந்த யூனிட்டில் யாரும் எழுத மாட்டார்கள். மேனேஜருக்கு ரிஸ்க் விஷயத்தில் குறைந்த மதிப்பெண் போடும் முன், அவர் மஞ்சளோ சிவப்போ காட்டிய கடைசித் தடவை கூட்டத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். எல்லோர் முன்னிலையிலும் அவரைக் குடைந்திருந்தால், அந்தக் கேள்வியில் அவருக்கு மதிப்பெண் போட உங்களுக்கு ஆதாரம் இல்லை.

இருவருக்கும் நான் போடும் மதிப்பெண்

கெடு விஷயத்தில் இருவருக்கும் மூன்று. முதலாமவர் தேதியைப் பிடித்தார், வேலையைக் குறைத்துத்தான் பிடித்தார். இரண்டாமவரின் நான்கு வாரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் தன் கட்டுப்பாட்டில் இருந்த புதுத் தேதியை ஒரு வாரம் தவறவிட்டார். ஸ்டேக்ஹோல்டர் விஷயத்தில் முதலாமவருக்கு இரண்டு, இரண்டாமவருக்கு நான்கு. ரிஸ்க் விஷயத்திலும் அதே. இரண்டாமவருக்கு ஐந்து போடாததற்குக் காரணம் அந்த அக்டோபர் 21.

மதிப்பெண்ணை விட, பக்கத்தில் எழுதும் குறிப்புதான் மேனேஜருக்குப் பயன்படும். "ரிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முன்னேற்றம் தேவை" என்று எழுதினால் அவர் திங்கட்கிழமை வந்து எதை மாற்றுவார்? முதலாமவருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்: "அறிக்கை வேலை மூன்று வாரம் பின்தங்கியது ஜூலை 14 அன்று உங்களுக்குத் தெரிந்தது. ஸ்பான்ஸருக்கு ஆகஸ்ட் 20 அன்று சொன்னீர்கள், கணக்குப் பிரிவுக்குச் சொல்லவில்லை. இந்த வருடம், எந்த வேலையும் ஒரு வாரத்துக்கு மேல் பின்தங்கினால் அந்த வார ஸ்டேட்டஸிலேயே அது வர வேண்டும். வேலையின் அளவைக் குறைக்கும் எந்த முடிவிலும் அதைப் பயன்படுத்தப் போகிறவர் உட்கார்ந்திருக்க வேண்டும்." இதை அவர் மறுக்கலாம், விளக்கம் தரலாம். ஜூலையில் கூடுதல் ஆள் கேட்டு அது மறுக்கப்பட்டிருந்தால் அதற்கான மெயிலைக் காட்டலாம். அப்படிக் காட்டினால் மதிப்பெண்ணை மாற்றுங்கள். தேதியும் ஆதாரமும் இருப்பதால்தான் இப்படி ஒரு பேச்சே சாத்தியமாகிறது.

பல துறைகள் கலந்த உள்நிறுவன வேலைகளில், உதாரணமாக ஒரு ஈ.ஆர்.பி. மென்பொருளைப் பத்துத் துறைகளிடம் கொண்டு சேர்ப்பவருக்கு, கருத்துக் கேட்பதற்கு இன்னும் கொஞ்சம் கனம் கொடுக்கலாம். அங்கே பாதி வேலை நடைபாதையில் நடக்கும், எழுத்தில் வராது. அங்கும் கேள்வி அதே கெட்ட செய்திக் கேள்விதான்.

உங்கள் யூனிட்டில் ரெஜிஸ்டரே கிடையாது, ஸ்டேட்டஸ் எல்லாம் வாய்மொழி என்றால் இந்த வருடம் மூன்றாவது வழியை எடுக்க முடியாது. அப்போது ரிஸ்க் கேள்விக்கு நடுவில் ஒரு மூன்றைப் போட்டுவிட்டு நகராதீர்கள். "மதிப்பிடப் போதிய பதிவு இல்லை" என்று எழுதுங்கள். படிவம் எண் இல்லாமல் நகராது என்றால் எச்.ஆரிடம் பேசி அந்தக் கேள்வியின் எடையை மற்ற இரண்டுக்கும் பகிர்ந்துவிடலாம். ஏப்ரல் முதல் வாரத்திலேயே ரெஜிஸ்டருக்கு ஐந்து கட்டங்கள் போட்டுக் கொடுங்கள்: என்ன நடக்கக்கூடும், அப்படி நினைக்கக் காரணம், நடந்தால் எத்தனை நாள் போகும், எந்தத் தேதிக்குள் முடிவு வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை, கோ-லைவ் தேதி அன்றைய நிலவரப்படி எது என்று மேனேஜர் நினைக்கிறாரோ அதையும் அதே தாளில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு தேதிகள் சேர்ந்திருக்கும். அவை கடைசிவரை அசையாமல் இருந்து கடைசி மாதம் ஒரேயடியாகக் குதித்தனவா, தகவல் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தனவா என்று அடுத்த மார்ச்சில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.